நியூட்ரிஷன் அண்ட் டயட்டிக்ஸ் படிப்புக்கு ஏன் அப்ளை பண்றேன்

எனக்கு வயசு 41. 17 வருஷமா வீட்டுல ஆறு பேருக்கு சமைக்கிறேன், வேலை அனுபவம்னு தனியா காட்ட வேற எதுவும் இல்ல, அதனால அடுப்படியில பாத்ததையே எழுதுறேன்.

என் பொண்ணுக்கு 14 வயசுல படி ஏறினாலே மூச்சு வாங்கும். டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, நானும் கீரை பருப்புன்னு விடாம போட்டேன், ரெண்டு மாசம் ஆகியும் பெருசா ஏறல. அப்புறம்தான் கவனிச்சேன், சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறா, மாத்திரையையும் அந்த டீயிலயே முழுங்குறா. டாக்டர்கிட்ட சொன்னதும் டீ இரும்பை உடம்புல சேர விடாதுன்னாங்க. டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சேன், வைட்டமின் சி இருந்தா இரும்பு நல்லா சேரும்னு கீரையில எலுமிச்சை பிழிஞ்சேன், அடுத்த டெஸ்ட்ல 11.6. அதுக்காக டீயைத் தள்ளி வெச்சதாலதான் ஏறிச்சுன்னு அடிச்சு சொல்ல மாட்டேன், மாத்திரையும் ஒழுங்கா போட்டாளே.

இதோட நிறுத்தியிருந்தா என்னை நானே மெச்சிக்கிட்டு இருந்திருப்பேன். ஆனா படிக்கணும்னு தோணினது என் மாமனார் விஷயத்துலதான். அவருக்கு பிபி, கூடவே கிட்னியும் கொஞ்சம் வீக். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல வேண்டாம்னு, அதாவது ஒரு டீஸ்பூன், எங்கயோ படிச்சுட்டு சோடியம் கம்மியான உப்பு பாக்கெட் ஒண்ணு வாங்கி வீடு முழுக்க அதையே போட்டேன், பிபியும் இறங்குச்சு, எனக்கு ஒரே பெருமை. நாலாவது மாசம் ரத்தத்துல பொட்டாசியம் 6.1, அவரை அட்மிட் பண்ண வேண்டியதாயிடுச்சு. அங்க இருந்த டயட்டீஷியன் கேட்ட முதல் கேள்வியே "வீட்டுல என்ன உப்பு போடுறீங்கம்மா?" அந்த உப்புல சோடியத்தைக் குறைச்சுட்டு அதுக்கு பதிலா பொட்டாசியம் குளோரைடு சேத்திருக்காங்க, நல்ல கிட்னி அதை வெளியேத்திடும், அவரோடதால முடியல. பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல இருந்துச்சு. நான் படிக்கல, படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்காது, அதான் உண்மை.

காயை நறுக்கி நிறைய தண்ணியில வேக வெச்சு அந்த தண்ணியைக் கொட்டிட்டா பொட்டாசியம் குறையும்னு அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. இத்தனை வருஷமா சத்து போயிடும்னு அந்த தண்ணியை ஒரு சொட்டு விடாம குழம்புல ஊத்தினவ நான்! ஒரே தண்ணி பொண்ணுக்கு நல்லது, மாமனாருக்கு ஆபத்து. எதை யாருக்கு எவ்வளவுன்னு கணக்கு போடத் தெரியணும், அது கவனிச்சு மட்டும் வர்றதில்ல.

கெமிஸ்ட்ரி விட்டு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப பொண்ணோட புத்தகத்துலதான் திரும்ப படிக்கிறேன், மோல் கணக்கு இன்னும் இடிக்குது.

யாரு என்ன சாப்பிட்டாங்க, டெஸ்ட் என்ன வந்துச்சுன்னு ரெண்டு வருஷமா தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். இன்டர்வியூவுக்கு கூப்பிட்டா கொண்டு வர்றேன், அந்த உப்பு பாக்கெட்டை வாங்கின தேதியும் அதுல இருக்கு.