கீசர் சூடாகும் வரை: தம்பிக்கு ஒரு பத்து நிமிடக் காலை

தம்பி, நீ போனில் கேட்ட மூன்று மாத டம்பெல் திட்டத்தை இப்போது அனுப்பப் போவதில்லை. போன வருடமும் ஒன்று தொடங்கி, நான்காம் நாள் கோத்தகிரிக் குளிரைச் சாக்கு சொல்லிப் போர்வைக்குள் போனாய். திட்டத்தில் குறையில்லை. காலையில் எழுந்து அந்த இடத்தில் போய் நிற்கும் பழக்கம்தான் உனக்கு இன்னும் வரவில்லை. முதலில் அது வரட்டும். ஐப்பசி 1 முதல் பொங்கல் வரை இதை மட்டும் செய்.

முந்தின இரவே இரண்டு வேலை. பழைய ஸ்வெட்டரைக் கட்டில் கால்மாட்டில் போடு. ஹாலில் மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், உன் எடைக்குப் பின்கால் விரிந்துவிடும்.

காலை 6 மணிக்குப் பல் தேய்த்ததும் கீசரைப் போடு. எப்படியும் தண்ணீர் சூடாகக் காத்திருக்கத்தான் போகிறாய், அந்த நேரம்தான் இது. கரண்ட் இல்லையா, அடுப்பில் குண்டானை ஏற்று. போனைத் தொடாதே. வெளியிலும் போக வேண்டாம். விடிகிற நேரத்தில் தெருவில் காட்டுமாடு நிற்கும், மழை இருக்கும், மூடுபனி இருக்கும். தவறவிடுவதற்கு உனக்குக் காரணமே கிடைக்கக் கூடாது.

முதல் 3 நிமிடம்: ஸ்வெட்டரோடு நின்ற இடத்திலேயே நட. காலுறையைக் கழற்றிவிடு, டைல்ஸ் வழுக்கும். ஒரு நிமிடம் ஆனதும் தோளைப் பின்பக்கமாகச் சுழற்று. கடைசி நிமிடம் முட்டியைக் கொஞ்சம் உயர்த்து. சமவெளியில் இருப்பவர்களுக்கு இரண்டு நிமிடம் போதும் என்பேன். நம் ஊர்க் காலையில் உடம்பு விறைத்துக் கிடக்கும், இந்த மூன்றைக் குறைக்காதே.

4, 5-ஆம் நிமிடங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழு, 8 முறை. கொஞ்சம் நின்று மூச்சு வாங்கி, இன்னும் 8. பள்ளியில் பிள்ளைகளிடம் இதைத்தான் நாற்காலித் தோப்புக்கரணம் என்பேன். உட்காரும்போது தொப்பென்று விழாதே. மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்கு, எழும்போது மூச்சை விடு. முட்டி உள்பக்கம் மடங்காமல் கால்விரல் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். முதல் வாரம் கையைத் தொடையில் ஊன்றி எழலாம், தப்பில்லை.

6, 7: சுவர்த் தண்டால். சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கையை மார்பு உயரத்தில் ஊன்று. 8, ஓய்வு, 8. இடுப்பு தொங்கக் கூடாது.

8: சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்கு, 15 முறை. பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் வீட்டுக்கு ஏறும் மேட்டில் இதன் அருமை தெரியும்.

9: ஒற்றைக் காலில் 30 விநாடி, அடுத்த காலில் 30. விரல் நுனி சுவரில் இருக்கட்டும்.

10: சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைக்காலை நீட்டு, கால் மாற்று. மூச்சு அடங்கட்டும். அவ்வளவுதான், போய்க் குளி.

முதல் வாரத்திலேயே "இவ்வளவுதானா அக்கா" என்பாய். உற்சாகத்தில் அரை மணி நேரம் செய்துவிட்டு மறுநாள் தொடை பிடித்துப் படுக்காதே. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. இது வாரத்துக்கு 70 நிமிடம்தான், அதிலும் முதல் மூன்று வெறும் நடை. போதாது என்று எனக்கும் தெரியும். மீதியைப் பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம்.

லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதகமில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. அதனால் ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று உட்காராதே. நேரமாகிவிட்டதா? முதல் மூன்று நிமிடமும் நாற்காலியில் நாலு தடவையும் போதும், அன்றைய கணக்குத் தீர்ந்தது. காய்ச்சல் என்றால் முழு ஓய்வு.

நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அந்த நொடியே நிறுத்தி டாக்டரைப் பார், என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாய், தொடங்கும் முன்பே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அப்புறம், ஹாலில் தொங்கும் தினசரி காலண்டர். இனி குளித்துவிட்டு வந்து நீதான் தாளைக் கிழிக்க வேண்டும், அன்றைய கணக்கை முடித்திருந்தால் மட்டும். செய்யாத நாளில் பழைய தேதியே தொங்கட்டும். ராகு காலம் பார்க்க வரும் அம்மா மீதியைக் கவனித்துக்கொள்வாள்.