மாசிப் பெருந்திருவிழா 2026: தேர் நேரமும் தேர்ப் பாதையும் மாறியிருக்கின்றன

அன்புள்ள பக்தர்களுக்கு வணக்கம்.

நம் சிவன் கோயில் மாசிப் பெருந்திருவிழா பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. முதல் எட்டு நாள் நிகழ்ச்சிகளில் எந்த மாற்றமும் இல்லை. ஐந்தாம் நாள் ரிஷப வாகனமும் ஏழாம் நாள் திருக்கல்யாணமும் அழைப்பிதழில் உள்ளபடியே நடக்கும். மாறியிருப்பது கடைசி இரண்டு நாட்கள். மார்ச் 2, திங்கள்கிழமை தேரோட்டம். மார்ச் 3, செவ்வாய்க்கிழமை தீர்த்தவாரி. முன்பே அழைப்பிதழ் வாங்கியவர்கள் இந்த இரண்டு நாட்களுக்கு மட்டும் கீழே உள்ள நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு முறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

தேர்: காலையில் அல்ல, பிற்பகல் 3 மணிக்கு

வழக்கமாகக் காலை 9 மணிக்கு வடம் பிடிப்போம். இந்த ஆண்டு அதே காலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். தேர்வு மையமான மேல்நிலைப் பள்ளி மேற்கு மாட வீதியை ஒட்டியே இருக்கிறது. மேளமும் வேட்டும் முழங்க, பல்லாயிரம் பேர் அந்த வழியே போனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஓடுமா? ஒரு வருடப் படிப்பு அது. அதனால் தேர்வு முடிந்து, பிள்ளைகள் வீடு போய்ச் சாப்பிட்ட பிறகு, அவர்களும் வந்து வடம் பிடிக்கும்படி பிற்பகல் 3 மணி என்று முடிவு செய்திருக்கிறோம்.

அன்று காலை 6 மணிக்கு சுவாமியும் அம்பாளும் தேரில் எழுந்தருள்வார்கள். அப்போதிலிருந்து 2 மணி வரை தேரடியில் நின்று தரிசிக்கலாம். கூட்ட நெரிசல் தாங்க முடியாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், வயதானவர்கள் எல்லோருக்கும் இதுவே நல்ல நேரம். நிதானமாக, அருகில் நின்று பார்க்கலாம். காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை ஒலிபெருக்கி கிடையாது, வேட்டும் கிடையாது. நாதஸ்வரமும் தவிலும் கோயில் உள்பிரகாரத்தில் மட்டும் வாசிக்கப்படும்.

தேர்வுக்குப் போகும் மாணவர்களின் வண்டி எந்தத் தடுப்பிலும் நிறுத்தப்படாது. நுழைவுச்சீட்டைக் காட்டினால் போதும், உடன் வரும் பெற்றோரையும் விடுவார்கள்.

தேர் போகும் பாதை

வடக்கு மாட வீதியில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தை மூடிவிட்டார்கள். ஆனால் மேலே பார்க்கச் சமமாகத் தெரிகிறதே தவிர, மண் இன்னும் இறுகவில்லை. அலங்காரத்தோடு சேர்த்து நம் தேர் ஏறக்குறைய 40 டன். ஒரு பக்கச் சக்கரம் அரை அடி இறங்கினாலும் தேர் சாயும். தேர் ஸ்தபதியும் பொறியாளரும் வீதியை நடந்து பார்த்துவிட்டு, இந்த ஆண்டு வேண்டாம் என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆகவே தேரடியில் புறப்பட்டு, கிழக்கு வீதி, தெற்கு மாட வீதி, மேற்கு மாட வீதி வரை எப்போதும் போலத்தான். மேற்கு வீதியின் முடிவில் வழக்கமாக வலப்பக்கம் திரும்புவோமே, அங்கே திரும்பாமல் நேராகப் போய், பிள்ளையார் கோயில் முக்கில் வடக்கு வெளிவீதிக்குத் திரும்பும். அந்த வீதி முடியும் தண்ணீர்த் தொட்டி அருகே மீண்டும் வலப்பக்கம் திரும்பி, கிழக்கு வீதி வழியாகத் தேரடிக்கு வந்து நிலை சேரும். வலமாகச் சுற்றி வரும் முறை மாறவில்லை, சுற்று மட்டும் கொஞ்சம் பெரிதாகிறது. எல்லாம் நல்லபடி நடந்தால் இரவு 7 மணிக்குள் தேர் நிலைக்கு வந்துவிடும்.

வடக்கு மாட வீதிக்காரர்களுக்கு மனக்குறை இருக்கும் என்று தெரியும். தலைமுறை தலைமுறையாக வாசலில் கோலம் போட்டுத் தேருக்குக் காத்திருந்த வீடுகள் அவை. தேர் வராவிட்டாலும் சுவாமி வருவார். மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு சுவாமியும் அம்பாளும் சிறு பல்லக்கில், பாதந்தாங்கிகளின் தோளில், உங்கள் வீதியில் மட்டும் எழுந்தருள்வார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று தீபாராதனை ஏற்றுக்கொள்வார்கள். மண்டகப்படிகளையும் அன்றே வைத்துக்கொள்ளலாம்.

வடக்கு வெளிவீதியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீதிக்குத் தேர் வருவது புதிது. வாசலுக்கு முன் நீட்டியிருக்கும் தகரக் கூரை, விளம்பரப் பலகை, கேபிள் டிவி வயர் ஆகியவற்றை மார்ச் 1 மாலைக்குள் கழற்றிவிடுங்கள். ஆள் வேண்டும் என்றால் குழுவிடம் சொல்லுங்கள், நாங்களே அனுப்புகிறோம். மரக்கிளைகளை நகராட்சி வெட்டித் தருகிறது. பழைய வீடுகளின் மாடியிலும் கைப்பிடிச்சுவரிலும் கூட்டமாக ஏறி நிற்க வேண்டாம்.

தேர் போகும் வீதிகளில் பிற்பகல் 2 மணி முதல் தேர் நிலை சேரும் வரை மின்சாரம் நிறுத்தப்படும். சிரமம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மின்வாரியத்தார் எழுதிக் கொடுத்த பிறகே வடத்தில் கை வைப்போம். வீட்டில் நோயாளிக்கு ஆக்சிஜன் கருவி போன்றவை ஓடுகிறது என்றால் பிப்ரவரி 28க்குள் தெரிவியுங்கள், ஜெனரேட்டர் ஏற்பாடு செய்கிறோம். இருட்டிய பிறகு தேருக்கு முன்னும் பின்னும் ஜெனரேட்டர் விளக்கு வரும். நீளக் கம்பில் கொடி கட்டிப் பிடிப்பதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

வடம் இரண்டு. வலப்பக்க வடம் பெண்களுக்கு, இடப்பக்க வடம் ஆண்களுக்கு. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்காகக் காலை 7 மணிக்குத் தேரடி மண்டபத்தின் முன் சின்னச் சப்பரம் ஒன்று நிற்கும். அதைத் தெற்கு வீதி முனை வரை அவர்களே இழுக்கலாம், 8 மணிக்குள் முடிந்துவிடும். பெரிய தேரின் வடத்துக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை போடுபவர்களைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது. செல்ஃபி எடுக்கவும் கூடாது, சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கவும் கூடாது. சக்கரத்தடியில் வைக்க வேண்டிய பழங்களைத் தேர் புறப்படும் முன்பே குருக்களிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். விசில் ஒரு முறை ஊதினால் இழுக்க வேண்டும், விடாமல் ஊதினால் உடனே வடத்தைக் கீழே போட்டுவிட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மார்ச் 3: சந்திர கிரகணம்

செவ்வாய்க்கிழமை பௌர்ணமி அன்று முழுச் சந்திர கிரகணம். பிற்பகல் 3.20க்குப் பிடித்து மாலை 6.47க்கு விடுகிறது. அதனால் காலை 11 மணிக்கு நடக்க வேண்டிய தீர்த்தவாரி காலை 7 மணிக்கே நடக்கும். பஞ்சமூர்த்திகள் 6 மணிக்குப் புறப்பட்டுக் குளக்கரைக்கு வருவார்கள். முன்னால் விநாயகர், அடுத்து வள்ளி தெய்வானையோடு முருகன், பிறகு சோமாஸ்கந்தர், அம்பாள், கடைசியில் சண்டிகேசுவரர். வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அழைத்து வாருங்கள், யார் வருகிறார்கள் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குளத்தில் இறங்குபவர்கள் கயிறு கட்டிய படிகளில் மட்டும் நீராடுங்கள். படி வழுக்கும். மூழ்கி எழ முடியாதவர்களுக்கு மேல்படியிலேயே தீர்த்தம் தெளிக்கப்படும், அதுவும் தீர்த்தவாரிப் பலன்தான்.

நண்பகல் 12 மணிக்கு நடை சாத்தப்படும். கிரகணம் விட்ட பிறகு கோயிலைக் கழுவிப் புண்யாகவாசனமும் அபிஷேகமும் முடித்து, இரவு 8 மணிக்கு நடை திறக்கும். தொலைவிலிருந்து வருபவர்கள் பகல் முழுவதும் காத்திருக்க நேராதபடி, ஒன்று காலையில் வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் வாருங்கள். மாலை 5 மணிக்கு நடக்க வேண்டிய கொடியிறக்கம் இரவு 8.30க்கு நடைபெறும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை இருப்பதால், அதற்குள் எல்லாம் நிறைவடையும்.

விரதம் இருப்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் பிடிவாதமாகப் பட்டினி கிடக்க வேண்டாம் என்று குருக்களே சொல்லச் சொன்னார். இன்னொன்று, சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணுக்குக் கெடுதல் இல்லை. நம் பக்கம் நிலா எழும்போதே கிரகணத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். 6.47 வரை கீழ்வானில் கடைசிப் பகுதி மட்டும் தெரியும்.

வண்டிகளை எங்கே நிறுத்துவது

மார்ச் 2 காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரையும், மார்ச் 3 காலை 5 முதல் 10 வரையும் நான்கு மாட வீதிகளிலும் வடக்கு வெளிவீதியிலும் எந்த வண்டிக்கும் இடமில்லை. அங்கே வீடு உள்ளவர்கள் முதல் நாள் இரவே வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். தேர் திரும்பும் முனையில் ஒரே ஒரு கார் நின்றாலும் தேர் நின்றுவிடும்.

கார், வேன் எல்லாம் புறவழிச்சாலையை ஒட்டிய ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்துக்குப் போக வேண்டும். பைக், ஸ்கூட்டர், சைக்கிள்களுக்கு வாரச்சந்தைத் திடல். வெளியூர்ப் பேருந்துகள் பழைய பேருந்து நிலையத்தில் ஆட்களை இறக்கிவிட்டு அங்கேயே திரும்பும். பள்ளி மைதானம் ஒவ்வொரு ஆண்டும் கார் நிறுத்தப் பயன்பட்டது, இந்த முறை தேர்வு மையம் என்பதால் திங்கள்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் திறக்கும். பழக்கத்தில் நேராக அங்கே போய் நிற்காதீர்கள். எந்த இடத்திலும் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல், அங்கே நிற்கும் காவலரிடம் சொல்லுங்கள்.

நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு விற்பனைக்கூட வளாகத்திலிருந்து மேற்கு கோபுர வாசல் வரை இரண்டு வேன்கள் ஓடும். தேர் நாளில் பிற்பகல் 2 மணியோடு நின்று, தேர் நிலை சேர்ந்ததும் மறுபடி ஓடும். மேற்கு வாசலில் சக்கர நாற்காலியும், தள்ளிச் செல்லத் தொண்டர்களும் இருப்பார்கள். படி இல்லாத சாய்தளம் அந்த வாசலில் மட்டும்தான் உண்டு. மாற்றுத்திறனாளிகளோடு வருபவர்கள் ராஜகோபுரம் பக்கம் சுற்ற வேண்டாம்.

ஆம்புலன்ஸ் தெற்கு வீதி முனையிலும் தண்ணீர்த் தொட்டி அருகிலும் நிற்கும். அவசரத்துக்கு 108. குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் கைபேசி எண்ணை எழுதி வையுங்கள். குழந்தை காணாமல் போனால் கூட்டத்துக்குள் தேடி ஓடாமல், ராஜகோபுரத்தின் இடப்பக்கப் பந்தலில் உள்ள தகவல் மையத்துக்கு வாருங்கள். கண்டெடுக்கும் பிள்ளைகளையும் அங்கேதான் கொண்டுவருவார்கள். நேரம், பாதை, வண்டி நிறுத்தம் பற்றிய சந்தேகங்களையும் பிப்ரவரி 22 முதல் தினமும் காலை 6 முதல் இரவு 9 வரை அங்கேயே கேட்கலாம்.

இப்படிக்கு,
திருவிழாக் குழுவினர் மற்றும் கோயில் நிர்வாகம்