குறட்டை மாதிரி வந்தா அது மூச்சு இல்ல

எல்லாருக்கும் வணக்கம். இதயம் நின்னு விழுந்தவங்கள நெஞ்ச அமுக்கிக் காப்பாத்தற சிபிஆர் முறையச் சொல்லிக் குடுக்க, கோலப்போட்டி பரிசு குடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கேட்டிருந்தேன், விழா கமிட்டி அண்ணன்மார் உடனே சரின்னுட்டாங்க, நன்றி. என்னை முக்காவாசிப் பேருக்குத் தெரியும், உங்க பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு சயின்ஸ் எடுக்கற டீச்சர்தான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நிச்சயதார்த்த வீடு. பந்தில உக்காந்திருந்த எங்க பெரியப்பா அப்படியே சாஞ்சிட்டாரு, இலையில வச்ச அப்பளம் கூட தொடல. ஒருத்தர் மூஞ்சில தண்ணி தெளிக்கிறாரு, ஒருத்தர் சோடா வாங்க ஓடறாரு, ரெண்டு பேர் தூக்கி உக்கார வைக்கப் பாக்கறாங்க. அப்போ அவர் வாயத் தொறந்து கொர்ர்னு ஒரு சத்தம், கொஞ்சம் விட்டு இன்னொன்னு. "மூச்சு இருக்கு மூச்சு இருக்கு, பயப்படாதீங்க"ன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். கார் வந்து, ஏத்தி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் அவர் நெஞ்சுல கை வைக்கல. போய்ச் சேர்ந்தப்போ எல்லாம் முடிஞ்சிருச்சு.

அந்தச் சத்தம் மூச்சே இல்லங்க. இதயம் நின்ன முதல் சில நிமிஷம், தண்ணிய விட்டு வெளிய எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாய் தொறந்து தொறந்து மூடும், குறட்டை மாதிரி விட்டு விட்டு சத்தம் வரும். நாம அதப் பாத்துதான் ஏமாந்து போறோம். இன்னிக்கு நான் சொல்றதுல வேற எது மறந்தாலும் இத மட்டும் மறந்துராதீங்க.

ஹார்ட் அட்டாக் வேற, கார்டியாக் அரெஸ்ட் வேற. அட்டாக்ல இதயத்துக்குப் போற ரத்தக்குழா அடைச்சிருக்கும், நெஞ்சு வலிக்கும், வேர்க்கும், ஆனா ஆள் பேசுவாரு, அவர உடனே ஆஸ்பத்திரி கொண்டு போகணும். அரெஸ்ட்னா இதயம் ரத்தத்த தள்றதையே நிறுத்திருச்சுன்னு அர்த்தம், ஆள் பொத்துனு விழுந்துருவாரு. அட்டாக் முத்தி அரெஸ்ட்டும் ஆகலாம். நாலஞ்சு நிமிஷம் மூளைக்கு ரத்தம் போகலன்னா மூளை கெட ஆரம்பிச்சிரும், நம்ம தெருவுக்குள்ள ஆம்புலன்ஸ் திரும்பவே அதுக்கு மேல ஆகும்.

அதனால விழுந்தவர் தோள ரெண்டு பக்கமும் தட்டி சத்தமா கூப்பிடுங்க. பதிலே இல்லையா, நெஞ்சு சாதாரணமா ஏறி இறங்கலையா, பத்து செகண்டுக்கு மேல பாக்காதீங்க. நாடி தேடிக்கிட்டு உக்காராதீங்க, பழக்கம் இல்லாதவங்க கைக்கு அது கிடைக்காது. 108க்கு அடிச்சு போன ஸ்பீக்கர்ல போட்டு கீழ வைங்க, ஒரு பையன மெயின் ரோட்டுக்கு அனுப்பி வண்டிய கூட்டிட்டு வரச் சொல்லுங்க.

இப்ப இந்தத் தலகாணியப் பாருங்க, இதுதான் விழுந்தவர் நெஞ்சுன்னு வச்சுக்கோங்க. அவர கட்டில்ல இல்ல, கெட்டித் தரையில மல்லாக்க படுக்க வைக்கணும். நெஞ்சுக்கு நடுவுல எலும்பு இருக்குல்ல, அதோட கீழ்ப் பாதில உள்ளங்கையோட அடிப்பகுதி, அது மேல இன்னொரு கை, விரல கோத்துக்கோங்க. முழங்கை மடங்கவே கூடாது, தோள் நேரா கைக்கு மேல வரணும், உடம்பு எடைய வச்சு அமுக்கணும். ரெண்டு அங்குலம் உள்ள போகணும், அஞ்சுல இருந்து ஆறு சென்டிமீட்டர். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல எழும்ப விடணும், அப்பதான் இதயத்துல ரத்தம் நிறையும். வேகம் நிமிஷத்துக்கு 100ல இருந்து 120, அதாவது மூணு செகண்டுக்கு அஞ்சாறு அமுக்கு. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்திக்கோங்க, இடைவெளி விடாம.

வாயில ஊதணுமான்னு கேப்பீங்க. திடீர்னு விழுந்த பெரியவங்களுக்கு வேண்டாம், ரத்தத்துல கொஞ்ச நேரத்துக்குப் போதுமான ஆக்சிஜன் இருக்கும், அத மூளைக்குத் தள்ளினா போதும். கிணத்துல குளத்துல முங்கினவங்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊதறதும் தேவை, அதுக்கு முறையா பயிற்சி எடுக்கணும், ஆனா தெரியலன்னு சும்மா நிக்காதீங்க, அமுக்கவாவது ஆரம்பிங்க.

விலா எலும்பு உடையலாம், சத்தம் கூட கேக்கும். எலும்பு கூடிரும், நிறுத்தாதீங்க. பொம்பளைங்க நெஞ்சுல எப்படிக் கை வைக்கிறதுன்னு தயங்கறோம் பாருங்க, அந்தத் தயக்கத்துலயே உயிர் போயிரும்.

1960ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல மூணு பேர் இந்த முறைய எழுதி வெளியிட்டாங்க, அதுல கௌவன்ஹோவன்ங்கிறவர் டாக்டரே இல்ல, எலக்ட்ரிகல் இன்ஜினியர். மெஷின் எதுவும் வேண்டாம், ரெண்டு கை போதும்னு அவங்க அன்னிக்கே சொல்லிட்டாங்க.

ஆம்புலன்ஸ்காரங்க வந்து கைமாத்திக்கிற வரைக்கும், இல்ல அவர் அசைஞ்சு மூச்சு விடற வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருக்கணும்.

நாலு தலகாணி கொண்டு வந்திருக்கேன். தம்பிங்க மட்டும் இல்ல, மளிகைக்கடை அக்கா, நீங்களும் மேடைக்கு வாங்க, உங்க கடை வாசல்லதான் தினமும் பெரியவங்க உக்காந்திருக்காங்க. முட்டி போடுங்க அக்கா, கை நேரா, ம், இன்னும் கொஞ்சம் அழுத்தி. நான் எண்றேன், ஒண்ணு, ரெண்டு, மூணு...