வீட்டுப் படங்களைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற

எல்லாருக்கும் வணக்கம். தெருக்காரர்கள்தானே, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

2011 தானே புயல், 2015 மழை, 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்த ஆல்பம் என்ன ஆகும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஆல்பத்தை இன்றே மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள். லாஃப்ட் வேண்டாம், ஓடு ஒழுகினால் முதலில் நனைவது அதுதான்.

நனைந்துவிட்டால் என்ன செய்வது? பதறிப்போய் வெயிலில் காயப்போடுகிறோம். அதுதான் ஆபத்து. படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. நனைந்தால் இளகும், காயும்போது பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒட்டிய கட்டு காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். தானாக நெகிழ்ந்ததும் ஓரத்தைப் பிடித்து மெல்லப் பிரியுங்கள், படத்தின் முகத்தில் விரல் படக் கூடாது. சேறு போக அலசி, பருத்தித் துணி மேல் முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். ஈரமாகவே விட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை வந்துவிடும். நிறைய இருந்து கை ஒழியவில்லை என்றால் பட்டர் பேப்பர் இடையிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மீன் இருந்த இடமாயிற்றே என்று யோசிக்காதீர்கள், பை இறுக்கமாக இருந்தால் போதும்.

சுவரில் மாலை போட்டுத் தொங்கும் தாத்தா படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம். கண்ணாடியோடு அப்படியே, வெளிச்சம் பட்டுப் பளபளக்காத கோணத்தில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரப் பூமாலையை ஃப்ரேமின் மேல் படும்படி போடுவதையும் நிறுத்தலாம், தாத்தா கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் நகல். சின்னப் படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். Document என்று தேர்ந்து அனுப்புங்கள். கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டேன் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பிலேயே அழித்தால் போனில் மட்டுமல்ல, பேக்கப்பிலும் அழியும். இலவசம் 15 ஜிபிதான், அதில் ஜிமெயிலும் பங்கு. பென் டிரைவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

என் கணக்கில் முக்கியமானது இதுதான்: ஒரு நகலாவது கடலூரை விட்டு வெளியே இருக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால், அந்த வீட்டுக்கும் வருவது அதே தண்ணீர்தானே? கோயம்புத்தூரில் மகள் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

பழைய படத்தில் இருப்பது யார் என்று பாட்டிகளிடம் கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

சரி, ஆல்பங்களை ஜன்னலோர மேசைக்கு எடுத்து வாருங்கள். ஒட்டிப்போனவை இருந்தால் நீங்களாகப் பிரிக்காமல் முதலில் என்னிடம் காட்டுங்கள்.