ஆயா நோட்டில் இருக்கும் சிக்குக் கோலம்: 5 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி

கண்ணு, பாலக்கோட்டில் ஆயாவின் கோல நோட்டை நீ எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். படம் சாய்வாக இருப்பதால் மேல்வரிப் புள்ளிகள் நகர்ந்து இடைப்புள்ளி போலத் தெரிகின்றன. ஆனால் வரிகளை எண்ணிப் பார்: 5, 3, 1. வரிக்கு இரண்டாகக் குறைகிறது, அதனால் நேர்ப்புள்ளிதான். இடைப்புள்ளியில் ஒவ்வொன்றாகத்தான் குறையும்.

முதலில் நடுவரிசை 5 புள்ளி. மேலும் கீழும், இரு ஓரத்திலும் ஒன்று விட்டு, நேருக்கு நேராக 3. அப்புறம் 1. புள்ளிக்குப் புள்ளி நான்கு விரல் இடைவெளி விடு. எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்:

```
          1
      2   3   4
  5   6   7   8   9
     10  11  12
         13
```

படத்தில் ஒரே சிக்கலாகத் தெரிந்தாலும் இதில் மூன்று இழைதான். இழை புள்ளி மேல் படவே கூடாது, அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நட்டநடுவில்தான் போகும்.

முதல் இழைதான் பெரியது. 1க்கும் 3க்கும் நடுவே தொடங்கி வலப்பக்கம் சாய்வாக இறங்கு: 3-4 நடுவே, 4-8 நடுவே, 8-9 நடுவே. அங்கிருந்து 9க்குக் கீழே போய், வெளிப்பக்கமாகச் சுற்றி, மேலே வந்து மறுபடி 8-9 நடுவிலேயே உள்ளே வா. இந்தச் சுழியை நல்ல உருண்டையாகப் போடு, கோலத்தின் அழகே அதில்தான். பிறகு 8-12, 12-11, 11-13. 13ஐ இடப்பக்கமாகப் போய்ச் சுற்றி அதே நடுவுக்குத் திரும்பு. 11-10, 10-6, 6-5. 5ஐ மேல்பக்கமாகப் போய்ச் சுற்று. கடைசியாக 6-2, 2-3, 3-1. 1ஐ வலப்பக்கமாகச் சுற்றி வந்தால் தொடங்கிய இடத்தில் சேர்ந்துவிடும்.

இரண்டாவது இழை 2, 7, 12 மூன்றையும் சுற்றும் நீள வளையம். 2-3, 3-7, 7-8, 8-12 வழியாக இறங்கி, 12ஐ வெளியே சுற்றி, 12-11, 11-7, 7-6, 6-2 வழியாக ஏறி, 2ஐச் சுற்றி முடி. மூன்றாவது இதையே எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடுவது: 4, 7, 10.

சரி பார்ப்பது சுலபம். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே மொத்தம் 16 நடுவிடம். ஒவ்வொன்றிலும் இழை பெருக்கல் குறி போல வெட்டியிருக்க வேண்டும். எங்காவது ஒற்றை இழை மட்டும் போனால் அங்கே வழி மாறியிருக்கிறது, அந்த இழையை மட்டும் அழித்துப் போடு.

உங்கள் ஓசூர் வீட்டு வாசல் டைல்ஸ் என்பதால் முதலில் சாக்பீஸில் போட்டுப் பழகு. கை வந்ததும் மாவில் போடு, ஓரத்துக்குக் காவி பூசு. மார்கழி முதல் நாள் போட்டு எனக்குப் படம் அனுப்பு, நேராக மேலிருந்து எடுத்து.