உப்புக்காற்றில் முகூர்த்தம்: நான் எடுத்த கல்யாணப் படங்கள்

பாம்பன், அதிகாலை
கல்யாண வீடு. இன்று எந்த வல்லமும் கடலேறவில்லை.

பந்தக்கால்
வாழைமரம் வந்திறங்குமுன் பனையோலைத் தோரணம் ஆடத் தொடங்கிவிட்டது.

தங்கச்சிமடம்
ஊரூராக மல்லிகை நாற்று அனுப்பும் மண். இன்று தன் மகளின் கூந்தலுக்கே தொடுத்தது.

அப்பா
வலை இழுத்துக் காய்த்த விரல்கள். பட்டுச் சட்டைப் பித்தான் மட்டும் மாட்ட வரவில்லை.

தாலி
மூன்றாம் முடிச்சு. நாத்தனார் விரலில் மஞ்சள்.

அம்மா
எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். நான் இவரைப் பார்த்தேன்.

கீழக்கரை, இன்னொரு கல்யாணம், நிக்காஹ் முடிந்து
இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார். வாசலில் கண் துடைப்பது அவருடைய உம்மா. ஒரே ஒரு முறைதான் ஷட்டரை அழுத்தினேன். அதற்கு மேல் மனசு வரவில்லை.

விருந்து
தட்டில் தொதல். விரலெல்லாம் நெய்.

ராமேசுவரம்
கேமராவோடு வாசலில் காத்திருந்தேன். தீர்த்தமாடிய ஈரத்தோடு மணமக்கள் வந்தார்கள், கோபுர நிழலில் சிரித்தபடி.

பாம்பன் சாலைப்பாலம்
பின்னால் 1914-இன் பாலமும் 2025-இன் பாலமும். முன்னால் கோத்த கைகள்.

தனுஷ்கோடி
1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர். கூரையில்லாத வானத்தின் கீழ் அவள் முந்தானை மட்டும் பறக்கிறது. தாத்தா பிறந்த ஊரில்தான் முதல் படம் வேண்டும் என்று கேட்டவள் அவள்தான்.

அரிச்சல்முனை
இந்தப் பக்கம் வங்கக் கடல், அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. நடுவே நாலு காலடித் தடம்.

கடைசிப் படம்
அலை வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.