குளிர் அறைத் திட்டம்: உள்ளூர்க் கூட்டாளிகள் சந்திப்புக்கான பேச்சுக் குறிப்புகள்

பேசப் போகிறவருக்கு

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் அதே ஆங்கில ஸ்லைடுகள்தான் திரையில் ஓடும். ஆனால் எதிரே உட்காரப் போகிறவர்கள் வேறு ஆட்கள். உழவர் உற்பத்தியாளர் குழுவின் தலைவர்கள் வருகிறார்கள், காய்கறி மொத்த வியாபாரிகள் வருகிறார்கள், ஏசி மெக்கானிக் ஒருவரும் வருகிறார். அவர்கள் தரப்போவது பணம் அல்ல. தங்கள் இடத்தையும், உழைப்பையும், ஊரில் தங்களுக்கு இருக்கும் நல்ல பெயரையும் தருகிறார்கள். அறையில் வைத்த சரக்கு கெட்டால் விவசாயி முதலில் போய் நிற்பது அவர்கள் வாசலில்தான். எனவே ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒரே கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: நஷ்டம் வந்தால் யார் தலையில்?

மேற்கோள் குறிக்குள் இருப்பதை அப்படியே பேசலாம். மற்றவை உங்களுக்கான குறிப்பு. 4, 7, 9, 10, 11 ஆகிய ஸ்லைடுகளைக் கூட்டத்துக்கு முன்பே மறைத்துவிடுங்கள். காரணத்தை அந்தந்த இடத்தில் எழுதியிருக்கிறேன்.

ஸ்லைடு 1: முகப்பு

“எல்லாருக்கும் வணக்கம். வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சூரிய சக்தியில ஓடற சின்னக் குளிர் அறை ஒண்ணு நாங்க செய்யறோம். அதை உங்க இடத்துல வெச்சு உங்களோட சேர்ந்து நடத்தணும்னு வந்திருக்கோம். திரையில எழுத்து இங்கிலீஷ்ல இருக்கும், நான் தமிழ்ல சொல்லிடறேன். புரியாத இடத்துல உடனே நிறுத்திக் கேளுங்க, கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.”

ஸ்லைடு 2: பிரச்சினை

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பீடு இதில் இருக்கிறது. உலக அளவில் அறுவடைக்குப் பின், சில்லறைக் கடையை எட்டுவதற்கு முன்பே உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்கிறது அது. இதை ஒரே வரியில் சொல்லி நகருங்கள். சரக்கு அழுகுவதைப் பற்றி அவர்களுக்கு நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“உலகக் கணக்கு இது. உங்க கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். விலை இறங்கின அன்னிக்கு, வெச்சிருக்க வழியில்லாம வந்த விலைக்குத் தள்ளிவிட்ட சரக்கு எது? அதை மட்டும் சொல்லுங்க.”

பதில் வரும்வரை காத்திருங்கள். சொல்லும் காய்களின் பெயரைப் பலகையில் எழுதுங்கள். அடுத்த ஸ்லைடில் அந்தப் பட்டியல் தேவைப்படும்.

ஸ்லைடு 3: நம் தீர்வு

அதிக நேரம் இங்கேதான் நிற்க வேண்டும். ஸ்லைடில் “5 டன்” என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. முதலீட்டாளருக்கு அது கொள்ளளவு. ஆனால் மொத்த வியாபாரி அதைப் பார்த்ததும், நாளைக்கே ஒரு லாரி சரக்கை இறக்கிவிடலாம் என்றுதான் நினைப்பார். அப்படி இறக்கினால் முதல் வாரமே திட்டத்தின் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும். ஆகவே உள்ளது உள்ளபடி:

“அறையில 20 கிலோ பெட்டி 250 வைக்கலாம், மொத்தம் 5 டன். ஆனா ஒரு நாளைக்குப் புதுசா ஏத்தறது 1 டன்னுக்கு மேல போகக் கூடாது. ஏன்னு சொல்றேன். பகல்ல பேனல்ல வர்ற மின்சாரம் கம்ப்ரஸரை ஓட்டி, தொட்டியில இருக்கிற தண்ணியைப் பனிக்கட்டியா உறைய வைக்குது. ராத்திரி அந்தக் கட்டி உருகித்தான் அறை குளிர்ச்சியா இருக்கு. பேட்டரி கிடையாது. தொட்டியில இருக்கிறது 600 கிலோ கட்டி. வெயில்ல நின்னு 30 டிகிரிக்குச் சூடான தக்காளி 1 டன்னை 12 டிகிரிக்கு இறக்க மட்டுமே 215 கிலோ கட்டி உருகணும். ஒரே நாள்ல 3 டன் ஏத்தினா ராத்திரிக்குக் கட்டியே மிஞ்சாது. ஏற்கெனவே உள்ள இருக்கிற சரக்கும் சேர்ந்து சூடாகும்.”

கணக்கு கேட்டால் சொல்லுங்கள். 1 கிலோ தக்காளியை 1 டிகிரி குளிர வைக்க ஏறக்குறைய 4 கிலோஜூல் எடுக்க வேண்டும். 1 கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூலை இழுத்துக்கொள்ளும். மெக்கானிக் கட்டாயம் கேட்பார். அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். கணக்கு சரி என்று அவர் தலையசைத்தால் மற்றவர்கள் நம்பிக்கையோடு கேட்பார்கள்.

“அதனால விடியற்காலைல பறிச்சு, வெயில் ஏறறதுக்கு முன்னாடி கொண்டு வரணும். மத்தியானம் பறிச்சதை நிழல்ல போட்டு, சாயங்காலம் சூடு தணிஞ்ச பிறகு ஏத்தலாம். இதை விவசாயிங்ககிட்ட எங்களைவிட நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

இப்போது பலகையில் எழுதிய பட்டியலுக்கு வாருங்கள்.

“ஒரு அறைக்கு ஒரே குளிர்நிலைதான். 12 டிகிரி வெச்சா தக்காளி, கத்தரிக்காய், பூசணி நல்லா இருக்கும். கேரட்டுக்கும் கீரைக்கும் 0 டிகிரிக்குப் பக்கத்துல வேணும். அதுக்காகக் குறைச்சா தக்காளி குளிர்ல அடிபட்டுடும், வெளிய எடுத்ததும் புள்ளி விழுந்து குழையும். வெங்காயம், பூண்டு வைக்கவே வேண்டாம், அதுக்கு ஈரம் ஆகாது. இன்னொண்ணு, பழுத்த தக்காளியும் வாழைப்பழமும் எத்திலீன்னு ஒரு வாயுவை விடும். பக்கத்துல கீரை இருந்தா மஞ்சளாயிடும். அதனால உங்க அறையில எதை வைக்கறதுன்னு முதல்லயே சேர்ந்து முடிவு பண்ணிடுவோம்.”

பட்டியலில் இந்த அறைக்கு ஒத்துவராத காய்களை அவர்கள் கண்முன்னே அடித்துவிடுங்கள். பெரும்பாலானவை அடிபட்டுப் போனால், இந்த இடத்துக்கு நம் அறை பொருந்தாது என்று அன்றே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்லைடு 4: சந்தையின் அளவு

காட்ட வேண்டாம். நாட்டின் மொத்தச் சந்தை எவ்வளவு பெரியது என்பது அவர்களுடைய முடிவை எந்த வகையிலும் மாற்றாது.

ஸ்லைடு 5: வருமானம் வரும் வழி

ஆங்கிலத்தில் சந்தா, சேவைக் கட்டணம், தரவு வருமானம் என்று மூன்று அம்புக்குறிகள். தரவு வருமானத்தைப் பற்றி நாமே எடுத்துச் சொல்வதுதான் நேர்மை. யார் எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறார்கள் என்பது வியாபாரத்தில் ரகசியம். அது வெளியே போகும் என்று பிறகு தெரிய வந்தால் ஒருவரும் நம் பக்கம் வரமாட்டார்கள்.

“பெட்டிக்கு ஒரு நாள் வாடகை. வசூலாகிறதுல 100க்கு 35 மையம் நடத்தற உங்களுக்கு, 65 எங்களுக்கு. அந்த 65ல இருந்துதான் இயந்திரப் பராமரிப்பு, ரிப்பேர், சரக்குக் காப்பீடு எல்லாம் நாங்க பார்க்கிறோம். இடம், காவல், பெட்டி ஏத்தி இறக்கற ஆள் உங்க பொறுப்பு. முதல் 6 மாசம் அறை பாதிகூட நிறையலைன்னாலும் ஒப்பந்தத்துல போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகை உங்களுக்கு வந்துடும்.

எத்தனை பெட்டி உள்ள இருக்குங்கிற கணக்கு எங்க கம்ப்யூட்டருக்கு வரும். யாருடைய பெட்டிங்கிறது உங்க மையத்துக்கும் எங்களுக்கும் தவிர யாருக்கும் போகாது. மொத்தக் கணக்கைப் பேர் இல்லாம விற்கிற எண்ணம் எங்களுக்கு உண்டு. உங்க சம்மதம் எழுத்துல இல்லாம உங்க மையத்தோட கணக்கை அதுல சேர்க்க மாட்டோம்.”

பணம் மாதத்தின் எந்த நாள் வரும் என்று கேட்பார்கள். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். “சீக்கிரம் வந்துடும்” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள்.

ஸ்லைடு 6: இதுவரை செய்தது

அறை எவ்வளவு நிறைந்தது என்று ஸ்லைடில் இருக்கும் 92 சதவீதம் நம் சோதனை மையத்தில் மிக நன்றாக ஓடிய ஒரு மாதத்தின் கணக்கு. வருடச் சராசரி 54. இரண்டையும் சொல்லுங்கள். உச்சத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் கடன் வாங்கிக் கொட்டகை போட்டுவிட்டால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

“அறுவடை குவியற மாசத்துல நிறைஞ்சு வழியும், மத்த மாசத்துல பாதிக்குக் கீழயும் போகும். நீங்க வரவு செலவுக் கணக்குப் போடறப்போ 54ஐ வெச்சுப் போடுங்க.”

ஸ்லைடு 7: போட்டியாளர்கள்

கண்டிப்பாக மறைக்கவும். அந்தப் படத்தில் மொத்த வியாபாரிகள் இடைத்தரகர்கள் என்று சிவப்புக் கட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். படத்தை மறைத்தால் மட்டும் போதாது, நம் எண்ணமும் அவர்களுக்குத் தெளிவாக வேண்டும்:

“வியாபாரிங்களை ஓரங்கட்ட நாங்க வரலை. நாங்க சரக்கு வாங்கறதும் இல்லை, விக்கறதும் இல்லை. வாடகை குடுக்கிற யாருக்கும் அறை ஒண்ணுதான்.”

ஸ்லைடு 8: குழு

படிப்பும் முன்பு பார்த்த வேலையும் வேண்டாம். இரவு பத்து மணிக்கு அறை சூடாகிறது என்று போன் செய்தால் எடுக்கப் போவது யார் என்பதைச் சொல்லி, அந்தப் பொறியாளரை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

ஸ்லைடு 9, 10, 11: வருங்கால வருமானம், கேட்கும் முதலீடு, வெளியேறும் வழி

மூன்றும் மறைவு. ஐந்தாண்டு வருமான வரைபடம் ஓர் எதிர்பார்ப்புதான். அதை இந்தக் கூட்டத்தில் காட்டினால் வாக்குறுதியாக நினைத்துக்கொள்வார்கள். நிறுவனத்தின் மதிப்பும் பங்கு விவரமும் முதலீட்டாளருக்கு மட்டும். ஆனால் இந்த மூன்று ஸ்லைடுகளுக்கும் அடியில் அவர்களைத் தொடும் விஷயம் ஒன்று இருக்கிறது, அதை ஒளிக்கக் கூடாது.

“நாங்க வெளிய முதலீடு திரட்டிட்டு இருக்கோம். உங்ககிட்ட முதலீடு கேக்கலை, டெபாசிட்டும் கேக்கலை. இதுல சேர்றதால கம்பெனியில உங்களுக்குப் பங்கு கிடையாது. கம்பெனிக்குக் கடன் வந்தா அதுலயும் உங்களுக்குப் பொறுப்பு கிடையாது. நாளைக்கே வேற யாராவது எங்க கம்பெனியை வாங்கினாலும் 3 வருஷ ஒப்பந்தம் அப்படியே அவங்களையும் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்கலைன்னா 60 நாள் முன்னாடி எழுதிக் குடுத்துட்டு விலகிக்கலாம். அறையைக் கழட்டி எடுத்துட்டுப் போற செலவு எங்களோடது.”

ஸ்லைடு 12: உங்களிடம் கேட்பது

ஆங்கிலத்தில் இங்கே மின்னஞ்சல் முகவரி மட்டும்தான் இருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லுங்கள்:

“நிழல் விழாத, தண்ணி தேங்காத இடம் வேணும். 6 மீட்டருக்கு 5 மீட்டர் போதும். பக்கத்துல மின் இணைப்பு இருக்கணும். அறையைப் பார்த்துக்க ஒரு ஆள், அவருக்கு நாங்க 10 நாள் பயிற்சி தர்றோம். இன்னிக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழ்ல ஒப்பந்த நகல் தர்றோம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், தெரிஞ்ச வக்கீல்கிட்ட காட்டிட்டு வாங்க.”

தமிழ் நகலும் ஆங்கில நகலும் எங்காவது வேறுபட்டால் தமிழ் நகலே செல்லும் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். அந்த வரியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கேட்கக்கூடிய கேள்விகள்

மூன்று நாள் விடாமல் மேகமூட்டமாக இருந்தால்? “புதுச் சரக்கு ஏத்தாம கதவை அடிக்கடி திறக்காம இருந்தா 2 நாள் தாங்கும். அப்புறம் லைன் கரண்டுக்கு மாறும். அதுவும் இல்லைன்னா ஜெனரேட்டர் வாடகை எங்க செலவு.”

சரக்கு கெட்டால்? “இயந்திரம் நின்னு கெட்டா, ஏத்தின அன்னிய சந்தை விலைக்கு நாங்க ஈடு தர்றோம். ஏற்கெனவே அடிபட்ட காய், ஒரு நாளைக்கு 1 டன்னுக்கு மேல ஏத்தினது, இதுக்கு ஈடு கிடையாது. உள்ள போற ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துச் சீட்டுல எழுதறது அதுக்குத்தான்.” ஈடு கிடையாது என்ற பகுதியைத் தணிந்த குரலில் சொல்லி நழுவாதீர்கள். முதல் பகுதியைச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள்.

ரிப்பேருக்கு எத்தனை நாள்? “24 மணி நேரத்துக்குள்ள ஆள் வரும்.” இதைச் சொல்லும்போது மெக்கானிக் பக்கம் திரும்புங்கள். இந்த வட்டாரத்துப் பராமரிப்பு வேலையை அவரிடம் தருவதாக இருக்கிறோம். அவர் சம்மதித்தால்தான் அந்த 24 மணி நேரம் நடக்கக்கூடியது. எனவே கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பே அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசிவிடுங்கள். அவர் தயங்கினால் கூட்டத்தில் 24 மணி நேரம் என்று சொல்ல வேண்டாம், 48 என்று சொல்லுங்கள். ஒப்பந்த நகலிலும் அன்றே அதைத் திருத்திவிடுகிறேன்.